பக்கத்து வீட்டு சிங்களக்காரர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து

கேள்வி: கோவையிலிருந்து வந்து 2 மாதம் ஆகிறது. நுகேகொடையில் மாடி வீட்டில் இருக்கிறோம். கீழ் வீட்டில் வயதான சிங்களத் தம்பதி, எங்களிடம் ரொம்பப் பிரியமாக இருக்கிறார்கள். ஏப்ரலில் அவர்கள் புத்தாண்டுக்குச் சிங்களத்திலேயே வாழ்த்துச் சொல்ல ஆசை. மொழிபெயர்ப்பு ஆப் ‘சுப நவ வசரக் வேவா’ என்று காட்டுகிறது. அப்படியே சொல்லலாமா? அவரை ஐயா என்று கூப்பிட்டால் சரியா?

பதில்:

ஆப் காட்டியதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அது ஜனவரி 1ஆம் தேதிக்கான வாழ்த்து. ‘நவ வசர’ என்றால் காலண்டர் மாறுகிற ஆங்கில வருடம். ஏப்ரலில் வருவது ‘அலுத் அவுருத்த’. இரண்டுக்கும் பொருள் புது வருடம்தான் என்றாலும், ஏப்ரலில் இங்குள்ளவர்கள் பெரும்பாலும் ‘அலுத் அவுருத்த’ என்றுதான் சொல்வார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இது: சுப அலுத் அவுருத்தக் வேவா.

‘சுப’ நம் சுபம்தான். ‘அலுத்’ புதிய. ‘அவுருத்தக்’ ஒரு வருடம். கடைசியில் இருக்கும் ‘அக்’தான் அந்த ‘ஒரு’, அதை விழுங்கிவிடாதீர்கள். ‘வேவா’ என்பது ‘ஆகட்டும்’. உச்சரிப்பில் நமக்கு இடறுகிற இடம் ‘அவுருத்தக்’. தமிழில் ‘த்த’ என்று பார்த்ததும் ‘பத்து’ மாதிரி வல்லினமாக அழுத்திவிடுவோம். அங்கே வேண்டியது ‘சொந்தம்’ என்பதில் வரும் த. அதையே இரட்டித்துச் சொல்லுங்கள். ‘சுப’வில் உள்ள ப, ‘அன்பு’வில் வரும் பு போல மெலிந்து ஒலிக்கும். இந்த இரண்டும் சரியாக வந்தால் மீதியை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இனி ஐயா விஷயம். சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். எழுபது வயதுக்காரரைப் பார்த்து நீங்கள் மரியாதையாக ‘ஐயா’ என்றால் அவர் காதில் ‘அண்ணே’ என்றுதான் விழும். கோபப்பட மாட்டார், சிரிப்பார். நான் வந்த புதிதில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரரை நாலு மாதம் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் மனைவிதான் ஒரு நாள் சிரித்து முடித்துவிட்டு விளக்கினார். கொழும்புப் பக்கம் அந்த வயதுக்காரர்களை அங்கிள், ஆன்டி என்பதே வழக்கம்.

‘உங்களுக்கு’ என்று சேர்க்க ஆசைப்பட்டால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஒயாட்ட’ என்பது நண்பர்களுக்கும் இளையவர்களுக்கும் சொல்வது, பெரியவர்களிடம் கொஞ்சம் மரியாதைக் குறைவாகக் கேட்கும். ‘ஒபட்ட’ வாழ்த்து அட்டையில் அழகாக இருக்கும், வாசலில் நின்று சொன்னால் ரேடியோ அறிவிப்பாளர் வந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் பெரியவர்களிடம் ‘நீங்க’ என்பதைவிட ‘மாமாவுக்கு’, ‘அத்தைக்கு’ என்கிறோமே, அவர்களும் அப்படித்தான் முறை சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஆன்டிட்டயி அங்கிள்ட்டயி சுப அலுத் அவுருத்தக் வேவா’. ‘ட்ட’ நம் ‘க்கு’, அதன் பின்னால் வரும் ‘யி’ நம் ‘உம்’. ஒரே வாக்கியம், இரண்டு பேருக்கும் சேர்ந்துவிடும். அவர்கள் முந்திக்கொண்டு வாழ்த்திவிட்டால் ‘ஒபட்டத் எஸேம வேவா’, அதாவது உங்களுக்கும் அப்படியே ஆகட்டும் என்று பதில் சொல்லலாம். இந்தப் பதிலில் மட்டும் ‘ஒப’ உறுத்தாது, பழகிப்போன தொடர் அது.

சொல்லைவிட நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். முதல் வருடம் 13ஆம் தேதி பிற்பகல், விடுமுறைதானே என்று தட்டு நிறைய லட்டு எடுத்துக்கொண்டு கீழே வீட்டுச் சொந்தக்காரரிடம் போனேன். அடுப்பு அணைந்திருந்தது, வீடே சும்மா உட்கார்ந்திருந்தது. ஆன்டி புன்னகையோடு தட்டை வாங்கி மூடி வைத்தார், யாரும் தொடவில்லை. அது ‘நொனகதய’ என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சூரியன் மீனத்திலிருந்து மேஷத்துக்குப் போகும் நொடிக்கு 6 மணி 24 நிமிடம் முன்னும், அதே அளவு பின்னும், மொத்தம் 12 மணி 48 நிமிடம். அந்த நேரத்தில் சமையல், சாப்பாடு, வேலை எதுவும் கிடையாது. கோவிலுக்குப் போவதும் விளையாடுவதும்தான். புண்ணிய காலம் என்றும் சொல்வார்கள்.

அந்த நொடி வருடா வருடம் மாறும். 2024இல் ஏப்ரல் 13 இரவு 9.05க்கு வருடம் பிறந்தது. அப்படியென்றால் நொனகதய 13ஆம் தேதி பிற்பகல் 2.41க்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 3.29 வரை. 2025இல் 14ஆம் தேதி அதிகாலை 3.21க்குப் பிறந்தது, எனவே முந்தின இரவு 8.57 முதல் காலை 9.45 வரை. ஆனால் 9.45 வரை எல்லோரும் பட்டினி என்று நினைக்காதீர்கள். வருடம் பிறந்தபின் அடுப்பு மூட்டவும், கிரிபத் என்கிற பால்சோறு உண்ணவும், ‘கனு தெனு’ செய்யவும் தனித்தனியாகச் சுபநேரம் குறித்திருப்பார்கள். அந்த நேரங்களை ‘நெகத்’ என்பார்கள், ஏப்ரலுக்கு முன்பே பத்திரிகைகளில் பட்டியல் வந்துவிடும். அதில் கனு தெனு நேரம் எது என்று மட்டும் பாருங்கள். அது முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, இரவாக இருந்தால் காலையில், இறங்கிப் போனால் சரியாக இருக்கும். பட்டியல் கிடைக்காவிட்டால் முந்தின நாளே ஆன்டியிடம் கேட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

கனு தெனு என்றால் வாங்கல் கொடுக்கல். வெற்றிலையில் நாணயமோ நோட்டோ வைத்து மாற்றிக்கொள்வார்கள். கோவைக்காரர் உங்களுக்கு விஷுக் கைநீட்டம் தெரிந்திருக்கும், யாழ்ப்பாணத்தார் கைவிசேடம் என்பார்கள், கிட்டத்தட்ட அதே சங்கதி. அங்கிள் உங்கள் பிள்ளை கையில் வைத்தால் இரண்டு கையாலும் வாங்கச் சொல்லுங்கள், மறுக்க வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் காலில் விழுவார்கள். நீங்களும் விழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, கைகூப்பினால் போதும்.

ஒன்றை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்துக்குள் வீட்டில் சாவு விழுந்திருந்தால் பெரும்பாலும் கொண்டாட மாட்டார்கள். அப்போது வாழ்த்துச் சொல்லாமல் பலகாரத்தை மட்டும் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

எப்படியும் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டை கவும், கொக்கிஸ், அதிரச எல்லாம் ஒரு தட்டில் மேலே வரும் (ஆமாம், நம் அதிரசமேதான்). ‘பொஹொம ஸ்துதியி’ என்று நன்றி சொல்லி வாங்குங்கள். தட்டைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள், முறுக்கோ வாழைப்பழமோ வைத்துக் கொடுங்கள். அப்போது ஆன்டி ‘ஒயாலட்டத் அவுருது நேத?’ என்று கேட்கக்கூடும். உங்களுக்கும் புத்தாண்டுதானே என்கிறார். ‘ஓவ், அபிட்டத் அவுருது’ என்று சொல்லுங்கள். சித்திரை 1 என்று விளக்கப் போக வேண்டாம், இங்கே அந்த விடுமுறைக்குப் பெயரே சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுதான்.