ஐந்து பேப்பரும் ஆடிட்டர் ஆபீஸும்

அக்கா, திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் இக்னோவில் எம்.காம். சேர்ந்தேன், இந்த செமஸ்டரில் ஐந்து பேப்பர். செப்டம்பர் பாதியிலிருந்து புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. அசைன்மெண்டும் அப்படியே கிடக்கிறது. விட்டுவிடலாமா?

- ஒரு வாசகர்

தம்பி, படிப்பை விட வேண்டாம். ஆனால் ஐந்தையும் டிசம்பரில் எழுதவும் வேண்டாம்.

இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பேப்பருக்கு 120, ஐந்துக்கு 600. ஆகஸ்டிலிருந்து நவம்பர் முடிய ஏறக்குறைய 17 வாரம்தான், அப்படியானால் வாரத்துக்கு 35 மணி நேரம், அது இன்னொரு முழுநேர வேலை. நாலு நாள் விடியற்காலையில் ஒவ்வொரு மணி, ஞாயிறு நாலு மணி என்று எட்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிசு. தினமும் பார்க்கிற வரி, கணக்குப் பேப்பர்களுக்குப் பாதி நேரம் போதும் என்றே வைத்தாலும் இரண்டு பேப்பர்தான் தேறும்.

செப்டம்பரில் படுத்ததற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை. வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30, அந்தக் கிளையன்ட்டுகளின் ரிட்டர்னுக்கு அக்டோபர் 31, நடுவில் மாதாமாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி. (கெடுவை நீட்டித்தால் சந்தோஷப்படாதீர்கள், வேலையும் கூடவே நீளும்.) அதனால் தினமும் சமமாகப் படிக்கும் டைம்டேபிள் உங்களுக்கு ஒத்துவராது. மாதக் கடைசியில் கெடு விழும் செப்டம்பர், அக்டோபர் போக மற்ற மாதங்களில் 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் அழுத்திப் படியுங்கள், 20ஐ ஒட்டிய வாரத்தில் பஸ்ஸில் சும்மா புரட்டினால் போதும்.

டிசம்பருக்கு இரண்டு பேப்பரைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் தேர்வுப் படிவம் போடுங்கள், கட்டணமும் பேப்பர் கணக்கில்தான். மீதி மூன்றும் ஜூனிலோ அதற்கப்புறமோ. இரண்டு வருட எம்.காமை நான்கு வருடத்துக்குள் முடிக்கலாம், பேப்பர் பாக்கி இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்கு ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு. அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

அசைன்மெண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. தள்ளிப்போட்ட பேப்பருக்குப் பழைய கேள்வித்தாள் காலாவதியாகிவிட்டால் புதுக் கேள்விகளுக்கு முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால் இரண்டு பேப்பர் அசைன்மெண்டை முடித்தபின் நேரமிருந்தால் மூன்றாவதையும் கைப்பட எழுதிக் கொடுத்துவிடுங்கள், மதிப்பெண் அப்படியே நிற்கும், தேர்வு மட்டும் பாக்கி. யாரோ எழுதியதைப் பார்த்து ராத்திரி பதினொரு மணிக்கு வரி வரியாக நகலெடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் பேப்பர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

தேர்வு அட்டவணை வந்ததும் உங்கள் சாரிடம் காட்டிவிடுங்கள். பரீட்சை 11 அல்லது 20ஆம் தேதியில் விழுந்தால், அன்றைய ஃபைலிங்கை யார் பார்ப்பார்கள் என்று முந்தின மாதமே பேசி முடிக்க வேண்டும், முந்தின நாள் லீவு கேட்டால் எந்த ஆடிட்டரும் தரமாட்டார்.