புள்ளிக்கோட்டைப் பதவி விவரணத்தில் எப்படி எழுதுவது?

"நிலாவெளியில் எங்கள் ஹோட்டலின் அமைப்பு வரைபட ஸ்லைடை வைத்துப் பதவி விவரணம் எழுதச் சொல்லிவிட்டார்கள். கணக்காளரின் பெட்டியிலிருந்து முகாமையாளருக்கு நேர்கோடு, கொழும்பு நிதித் தலைவருக்குப் புள்ளிக்கோடு. அவர் யாருக்குக் கீழே?"

வணக்கம். 'அறிக்கையிடுவது' என்ற வரியில் நேர்கோடு காட்டும் முகாமையாளரை மட்டும் எழுதுங்கள், அதுவும் ஆளின் பெயரை அல்ல, பதவியின் பெயரை. பொதுவாக லீவுக்கு ஒப்புதல் தருவதும் ஆண்டு மதிப்பீடு செய்வதும் அவர்தான். அப்படியா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வரைபடம் பழையதாக இருக்கலாம்.

புள்ளிக்கோட்டின் பொருளை ஸ்லைடு சொல்லாது, ஊகிக்கவும் வேண்டாம். முகாமையாளரிடமும் நிதித் தலைவரிடமும் தனித்தனியே கேளுங்கள்: "ஒரு கொடுப்பனவில் நீங்கள் இருவரும் முரண்பட்டால் யார் சொல் நிற்கும்?" பதில்கள் வேறுபட்டால் எழுதுவதை நிறுத்தி, இருவரையும் பேசவையுங்கள். ஒத்துப்போனால் தனி வரியாக எழுதலாம்: "கணக்கு முறையிலும் மாத இறுதிக் கணக்கு மூடலிலும் நிதித் தலைவரின் அறிவுறுத்தலைப் பின்பற்றுவார்."

அப்புறம் பொறுப்புகள். பெட்டியில் 'கொடுப்பனவு' என்று மட்டும் இருந்தால் அதை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். "மீன் வழங்குநரின் பில்லைக் கொள்வனவு ஆணையோடும் பொருள் பெற்ற சீட்டோடும் ஒப்பிட்டு, முகாமையாளரின் ஒப்புதலுக்கு அனுப்புவார்" என்று எழுதினால் கணக்காளரின் வேலை எங்கே முடிகிறது என்பது தெரியும். அந்தச் சீட்டில் கையொப்பமிடுவது களஞ்சியப் பொறுப்பாளரின் விவரணத்தில் வரவேண்டும். இரண்டிலும் இருந்தால் பொருளைப் பெறுபவரும் பில்லைச் சரிபார்ப்பவரும் ஒருவராகிவிடலாம். கணக்காய்வில் அதைக் கேட்பார்கள்.