டேர், டேன், டேம்: உருபு முன்னால் வந்தால்

தமிழில் ஐ, கு சேர்க்கத் தெரியும். ஜெர்மனில் ‘டேர்’ எப்போது ‘டேன்’ ஆகும், எப்போது ‘டேம்’ ஆகும்?

நாம் பெயரின் வாலில் ஒட்டுவதை ஜெர்மன்காரர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லில் காட்டுகிறார்கள். ஆண்பால் பெயரில் ‘டேர் மன்’ என்றால் மனிதன், ‘டேன் மன்’ மனிதனை, ‘டேம் மன்’ மனிதனுக்கு. ‘மன்’ அப்படியே இருக்கிறது. அதனால் ‘டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்’ என்று வரிசையை மாற்றினாலும் கடிப்பது நாய்தான், ‘மனிதனை நாய் கடிக்கிறது’ போல.

நமக்கு வழுக்கும் இடம் வேறு. ‘மேசை வாங்குகிறேன்’ என்கிறோம், ‘மேசையை’ என்பதில்லை. குறிப்பாக எதுவென்று சொல்லாத அஃறிணைக்கு ஐ தேவையில்லை. அதே பழக்கத்தில் ‘இஷ் காவ்ஃப ஐன் டிஷ்’ என்று சொல்லிவிடுவோம். அது தவறு. மேசை அங்கே ஆண்பால், ஆகவே ‘ஒரு’ என்னும் ‘ஐன்’ மாறி ‘ஐனென் டிஷ்’ ஆகும். ‘எதை வாங்குகிறேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியில் ஐ வந்தால், பதிலில் அது மறைந்திருந்தாலும் ஜெர்மனில் காட்டியே ஆக வேண்டும்.

பெண்பாலிலும், இரண்டும் அல்லாத மூன்றாம் பாலிலும் இந்தத் தொல்லை இல்லை. எழுவாய்க்கும் ஐ-க்கும் ஒரே வடிவம்: பெண்பாலுக்கு ‘டீ’, மூன்றாம் பாலுக்கு ‘டாஸ்’. ஆனால் கு வரும்போது மூன்றாம் பால் ‘டேம்’ ஆகும். பெண்பாலோ ‘டேர்’ ஆகிவிடும்! ‘இஷ் ஹெல்ஃப டேர் ஃப்ராவ்’ என்றால் அந்தப் பெண்ணுக்கு உதவுகிறேன். ‘டேர்’ கண்டதும் ஆண்பால் எழுவாய் என்று முடிவுகட்டாமல், பெயரின் பாலைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தமிழ் உருபு எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘மனிதனிடம் கேட்கிறேன்’ என்பதற்கு அங்கே ஐ வேற்றுமைதான்: ‘இஷ் ஃப்ராக டேன் மன்’.