தாமரைக் கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

"தேக்கா சந்தையில் வாங்கிய தாமரைக் கிழங்கை மெலிதாகச் சீவி, எலுமிச்சை பிழிந்து, வெள்ளரிக்காயோடு பச்சையாகவே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. தவறா?" (ஈசூன் வாசகி)

கிழங்கில் நஞ்சு எதுவும் இல்லை அக்கா, பயப்பட வேண்டாம். சிக்கல் அது வளர்ந்த சேற்றில் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் விற்கும் கிழங்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம், வங்கதேசம், வட இந்தியா ஆகிய இடங்களின் சில குளங்களில் குடல் தட்டைப்புழு ஒன்று உண்டு. பன்றியின் கழிவோ மனிதக் கழிவோ குளத்தில் கலக்கும்போது அதன் முட்டை நீரில் பொரிந்து, வெளிவரும் குஞ்சு நத்தைக்குள் போகிறது. அங்கே வளர்ந்து வெளிவரும் குஞ்சு, நீர்ச்செடியின் தோலில் சிறு கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. கூடு கண்ணுக்குத் தெரியாது. அதை விழுங்கினால் குடலில் ஏழு சென்டிமீட்டர் வரை நீளும் புழுவாக வளரும். நீங்கள் வாங்கிய கிழங்கில் அது இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. இல்லை என்று பார்வையால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

"வினிகரில் ஊறவைத்தால் எல்லாம் செத்துவிடும். ஜப்பானிய உணவகத்தில் அப்படித்தானே பச்சையாகத் தருகிறார்கள்?" (ஜூரோங் வாசகர்)

வினிகர் போடுவது சரி, காரணம் வேறு தம்பி. நறுக்கிய கிழங்கு காற்றுப் பட்டால் பழுப்பாகும். புளிப்பு அதைத் தடுத்து வெள்ளையாக வைக்கும். கூட்டுக்குள் இருக்கும் குஞ்சைக் கொல்ல வினிகரை நம்ப முடியாது. ஜப்பானியர் தரும் புளிப்புக் கிழங்கைப் பச்சை என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாக அதைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்த பிறகுதான் வினிகர்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். மொறுமொறுப்பு அப்படியே நிற்பதால் நாக்கு ஏமாந்துவிடுகிறது.

"எங்கள் தாத்தா ஊர்க் குளத்தில் பிடுங்கி, பல்லாலேயே தோலை உரித்துத் தின்பார். எண்பது வயது வரை இருந்தார்!" (வூட்லண்ட்ஸ் வாசகர்)

அந்தப் புழு எல்லாக் குளத்திலும் இல்லை ஐயா. ஓரிரண்டு புழு குடலில் இருந்தாலும் பலருக்கு அறிகுறியே தெரியாது. ஆனால் பல்லால் உரிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. கூடு ஒட்டியிருப்பது தோலில், தோல் போவது நேராக வாய்க்குள். கத்தியால் சீவும்போதும் அந்தக் கத்தியும் பலகையும் அடுத்து வெள்ளரிக்காயைத் தொட்டால் அதே கதைதான்.

"வேகவைத்தால் குழைந்துவிடுகிறதே. எத்தனை நிமிடம் போதும்?" (தெம்பனிஸ் வாசகி)

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். கணுவோடு முழுசாக இருக்கும் கிழங்கை வாங்குங்கள். இரு முனையும் மூடியிருந்தால் துளைக்குள் சேறு போயிருக்காது. முனை வெட்டுண்ட கிழங்கை ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை அடைத்திருந்தால் சாப்ஸ்டிக்கில் துணி சுற்றிக் குத்திக் கழுவ வேண்டும். குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, மறுபடி கழுவுங்கள். கத்தியையும் பலகையையும் அங்கேயே சோப்பு போட்டு அலசுங்கள்.

பிறகு மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதி வந்த பிறகு மூன்று நிமிடம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: போட்ட கணத்திலிருந்து எண்ணுகிறார்கள், குறைந்த தண்ணீரில் நிறையக் கிழங்கைக் கொட்டுகிறார்கள். எடுத்ததும் குடிநீர்ப் பனிக்கட்டியில் போடுங்கள். துண்டு ஓரத்தில் சற்றுக் கண்ணாடி போலத் தெரியும், கடித்தால் நறுக்கென்று உடையும், துவர்ப்பு பாதி போயிருக்கும். இனி எலுமிச்சை, வெள்ளரிக்காய் என்று எதையும் சேருங்கள்.

"பன்றி எலும்பு சூப்பில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தும் கிழங்கு கறுத்துவிட்டது. பச்சையாக இருந்ததா?" (பிடோக் வாசகர்)

இரண்டு மணி நேரத்தில் நன்றாகவே வெந்திருக்கும். இரும்புச் சட்டியில் வைத்தீர்களா? கிழங்கின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ வைத்துப் பாருங்கள்.

"மகன் நேற்று மாலை நான்கு பச்சைத் துண்டுகளைத் தின்றுவிட்டான். இரவெல்லாம் வயிறு உப்பிக் கிடந்தான். புழுவா?" (செங்காங் வாசகி)

ஒரே இரவில் புழு அப்படிச் செய்யாதம்மா. விழுங்கிய கூடு வளர்ந்து முட்டையிட மூன்று மாதம் போல ஆகும். நேற்றைய உப்பசத்துக்கு வேகாத மாவும் துவர்ப்பும் காரணமாக இருக்கலாம், சேற்றுக் கிருமியாகவும் இருக்கலாம். எதுவென்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. காய்ச்சல், வாந்தி, இரத்தம் கலந்த பேதி இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், சில மாதம் கழித்து வயிற்றுவலியும் பேதியும் விட்டுவிட்டு வந்தால், பச்சைக் கிழங்கு தின்றதைச் சொல்லி மலப் பரிசோதனை கேளுங்கள். புழு என்று தெரிந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது.

"வெற்றிடப் பொட்டலத்தில் தோல் சீவி வெள்ளையாக வருவது? ஊரிலிருந்து வரும் தாமரைத் தண்டு வற்றல்?" (மீண்டும் ஈசூன் வாசகி)

பொட்டலத்தில் 'அப்படியே உண்ணலாம்' என்று எழுதியிருந்தால் ஒழிய அதுவும் பச்சைக் கிழங்குதான், மூன்று நிமிடம் அதற்கும் உண்டு. வற்றலைக் காயும் எண்ணெயில் பொரித்துத்தானே அக்கா சாப்பிடுகிறோம், அதில் கவலை இல்லை.