சிதறிக் கிடக்கும் விரிவுரைக் குறிப்பிலிருந்து ஒப்பீட்டு அட்டவணை: பொருளாதார அமைப்புகள் குறித்த கேள்வி பதில்

"சார், ஒரு பருவம் முழுக்க எழுதிய நோட்டு இருக்கிறது. முதலாளித்துவம், சோஷலிசம், கலப்புப் பொருளாதாரம் மூன்றுக்கும் நன்மை, தீமை என்று பிரித்து எழுதினேன். பார்த்தால் எதையும் ஒப்பிட முடியவில்லை."

ஒரு கட்டத்தில் 'சமத்துவம்' என்றும் பக்கத்துக் கட்டத்தில் 'புதுமை' என்றும் எழுதியிருப்பீர்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். அருகருகே வைத்தாலும் ஒன்றோடொன்று மோதாது. எல்லா அமைப்பும் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகளை இடப்பக்கம் எழுதுங்கள். நான் நாலோடு தொடங்குவேன்: தொழிற்சாலை யாருடையது? எதை எவ்வளவு செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? விலை எப்படி உருவாகிறது? நஷ்டத்தில் ஓடும் நிறுவனம் என்ன ஆகிறது?

அப்புறம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் இரண்டு குறி போடுங்கள். ஒன்று, அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது. இன்னொன்று, எந்த நாடு, எந்தக் காலம் என்பது. நாடு, காலம் இல்லாத வாக்கியத்துக்கு 'கோட்பாடு' என்று எழுதுங்கள். 'திறமைக்கு மதிப்பில்லை' மாதிரியான தீர்ப்புகளைத் தனித்தாளில் ஒதுக்கிவிடுங்கள். அட்டவணை நிரம்பிய பிறகுதான் அவற்றுக்கு வேலை.

"முதல் இரண்டு கேள்வியும் ஒன்றுதானே? அரசிடம் தொழிற்சாலை இருந்தால் அரசுதான் முடிவெடுக்கும். ஒரே வரிசையாக்கினால் இடம் மிச்சம்."

சோவியத் யூனியனை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. தொழிற்சாலை அரசுடையது, 1928-ல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து உற்பத்தி இலக்கும் மேலிருந்துதான் வந்தது. ஆனால் யூகோஸ்லாவியாவை அந்த ஒற்றை வரிசையில் எப்படி எழுதுவீர்கள்? 1950-ல் வந்த சட்டம் அங்கே தொழிற்சாலை நிர்வாகத்தைத் தொழிலாளர் மன்றங்களிடம் கொடுத்தது. உடைமைக்கு 'சமூக உடைமை' என்று பெயர் வைத்தார்கள். 1965 சீர்திருத்தத்துக்குப் பிறகு நிறுவனங்கள் பெரும்பாலும் சந்தையைப் பார்த்தே உற்பத்தியை முடிவு செய்தன. இதற்கு நேர் எதிர், இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டன். பெரும்பாலான ஆலைகள் தனியாரிடமே இருந்தன. மூலப்பொருள் யாருக்கு, எதற்கு என்று அரசு சொன்னது.

| | சோவியத், 1935 | யூகோஸ்லாவியா, 1970 | பிரிட்டன், 1943 |
|---|---|---|---|
| உடைமை | அரசு | சமூகம் | பெரும்பாலும் தனியார் |
| உற்பத்தி முடிவு | மையத் திட்டம் | நிறுவனம், சந்தையைப் பார்த்து | அரசின் போர்க்கால ஒதுக்கீடு |

வரிசைகளைச் சேர்த்துவிட்டால் கடைசி இரண்டு நாடுகளுக்கும் இடமே இருக்காது. அந்த இரண்டும்தான் இந்த அட்டவணையில் அதிகம் சொல்லித் தருபவை.

"அண்ணா, இரண்டு வகுப்புக்குப் போகவில்லை, தோழியின் குறிப்பை வாங்கினேன். 'தனியார் விற்பனை தடை' என்று அவள் எழுதியிருக்கிறாள். 'விவசாயி சந்தையில் விற்றான்' என்று என் நோட்டில் இருக்கிறது. இரண்டுமே ரஷ்யாதான். எதை அடிப்பது?"

எதையும் அடிக்காதீர்கள்! இந்த மாதிரி முரண்பாடு கிடைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். காலக்குறி விட்டுப்போன இடத்தை அது காட்டிக் கொடுக்கிறது. தோழியின் வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'போர்க்கால கம்யூனிசம்', 'தானியப் பறிமுதல்' என்று வந்தால் அது 1918 முதல் 1921 வரையிலான கதை. அப்போது தானியத்தைத் தனியாக விற்பது தடை. உங்கள் வரி அருகில் 'புதிய பொருளாதாரக் கொள்கை' இருந்தால் அது 1921-க்குப் பிந்தையது. விவசாயி வரியைக் கட்டிவிட்டு மிச்சத்தை விற்கலாம் என்று லெனின் அரசே அனுமதித்த காலம் அது.

மூன்றாவது சாத்தியமும் உண்டு. ஸ்டாலின் காலத்துக் கூட்டுப்பண்ணைகளிலும், உறுப்பினர்கள் தங்கள் சிறு தோட்டத்தில் விளைந்ததைக் கூட்டுப்பண்ணைச் சந்தையில் விற்றார்கள். அரசுக் கடையில் உருளைக்கிழங்குக்கு ஒரு நிர்ணய விலை. அந்தச் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொண்ட விலை. அப்படியானால் விலை என்ற ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரி வரவேண்டும். 'சோவியத்' என்று ஆண்டு போடாமல் ஒரே நெடுவரிசை போட்டதுதான் உங்கள் சிக்கலின் வேர்.

"நான் சுவீடனை சோஷலிசத்தில் போட்டேன், ஆசிரியர் சுழித்துவிட்டார். அங்கே வரியும் நலத்திட்டமும் அவ்வளவு இருக்கிறதே? அப்புறம் கலப்பு என்ற நெடுவரிசைக்கு என்ன எழுதுவது?"

சுவீடனில் பெரும்பாலான நிறுவனங்கள் தனியாருடையவை. விலை சந்தையில் உருவாகிறது. நீங்கள் கவனித்த வரியும் நலத்திட்டமும் உண்மைதான். உங்கள் அட்டவணையில் அவற்றுக்கு வரிசையே இல்லாததால் அவை உடைமைக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. 'கிடைத்த வருமானம் எப்படிப் பகிரப்படுகிறது?' என்று ஐந்தாவது வரிசை சேர்த்தால் தீர்ந்தது.

'கலப்பு' என்ற தலைப்பின் கீழ் 'ஓரளவு', 'இரண்டும்' என்றே கட்டங்கள் நிரம்பினால் அந்த நெடுவரிசை எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஒரு நாட்டை வையுங்கள். மேற்கு ஜெர்மனியை எடுத்தால் 1948 ஜூனில் புது நாணயம் வந்ததும், பல பொருள்கள்மீதான விலைக் கட்டுப்பாட்டை அங்கே பொருளாதார நிர்வாகப் பொறுப்பில் இருந்த லுட்விக் எர்ஹார்ட் நீக்கினார். 1976-ல் வந்த சட்டம், 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடத்தைத் தொழிலாளர் தரப்புக்குக் கொடுத்தது. வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. அந்தத் தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு. 'ஓரளவு' என்று எழுதியிருந்தால் இதெல்லாம் மறைந்துபோயிருக்கும்.

"எக்செல்லில் போடலாமா, கையால் எழுதணுமா?"

எதிலும் போடலாம். குறி போடும் வேலையை மட்டும் நோட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

"நஷ்டம் வரிசையில் சோவியத்துக்கு என் நோட்டில் எதுவுமே இல்லை. முதலாளித்துவத்தில் 'மூடப்படும்' என்று இருக்கிறது. அதனால் சோவியத்துக்கு 'மூடப்படாது' என்று எழுதிவிட்டேன். சரிதானே?"

பதில் ஏறக்குறைய சரி, வந்த வழி ஆபத்தானது. நஷ்ட நிறுவனத்தை அரசு திரும்பத் திரும்பத் தூக்கிவிடும் பழக்கத்தை ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கு 'மென்மையான வரவு செலவுக் கட்டுப்பாடு' என்று பெயர். ஆனால் ஒரு கட்டத்தைத் திருப்பிப் போட்டு அடுத்ததை நிரப்பினால், உங்கள் முதல் கட்டம் சரியா என்று பார்க்கவே மாட்டீர்கள். 2008-09 நெருக்கடியில் அமெரிக்க அரசு பெரிய வங்கிகளையும் ஜெனரல் மோட்டார்ஸையும் பணம் கொடுத்துக் காப்பாற்றியது. 'மூடப்படும்' என்பது அங்கே நிற்கிறதா? குறிப்பு கிடைக்கும்வரை கட்டத்தில் 'நோட்டில் இல்லை' என்றே எழுதுங்கள். அதை 'இல்லை' என்று சுருக்கிவிடாதீர்கள்; ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது நீங்களே ஏமாந்துபோவீர்கள்.

"சீனா சந்தைப் பொருளாதாரம் என்று நேரடியாக எழுதிவிடலாம். நான் அங்கே வியாபாரத்துக்குப் போய் வந்தவன், கண்ணால் பார்த்தேன்."

நீங்கள் பார்த்தது விலை வரிசை. கடைவீதியில் நின்றால் உடைமை வரிசை கண்ணில் படாது. பெரிய வங்கிகள் அரசின் பிடியில் இருக்கின்றன, நிலத்தில் தனியுடைமை கிடையாது. 1980-களிலோ விலை வரிசையே இரண்டாகப் பிளந்திருந்தது: ஒரே எஃகுக்குத் திட்ட விலை ஒன்று, சந்தை விலை ஒன்று. அதனால் நான் 1975, 1985 என்று தனித்தனி நெடுவரிசை போடுவேன். இன்றைய சீனாவுக்கு 'அரசு முதலாளித்துவம்' என்று தலைப்பு வைப்பவர்கள் உண்டு, 'சோஷலிச சந்தை' என்று அந்நாட்டு அரசு சொல்கிறது. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. என் அட்டவணையில் அந்த இடத்தில் நாட்டின் பெயரும் ஆண்டும் மட்டும்தான் இருக்கின்றன.