அளவு அதேதான், ஆனால் அப்பா தள்ளாடுகிறார்

"அப்பாவுக்கு 74 வயசு. பத்து வருஷமா ராத்திரி அதே டயஸிபாம் தூக்க மாத்திரை 5 மி.கி., அதே ரெண்டு பெக். இப்ப மட்டும் ஏன் காலையில தள்ளாடுறார்?"

உடம்பு மாறிவிட்டது. வயதாக ஆக உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடும். மது நீரில்தான் பரவும். அதனால் அதே ரெண்டு பெக் இப்போது ரத்தத்தில் அடர்த்தியாக நிற்கும். டயஸிபாம் நேர்மாறு, கொழுப்பில் போய்த் தங்கிவிடும். இளவயதில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகக் குறைவது, இவர் வயதில் மூன்று நாள்கூட எடுக்கும். இன்றிரவு மாத்திரை போடும்போதே முந்தைய நாட்களின் மிச்சம் உள்ளே இருக்கிறது. அதன்மேல் மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

ஆனால் தயவுசெய்து எதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். குடிப்பதையும் மறைக்காமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். எழுப்பியும் விழிக்காவிட்டால் நேரே அவசர சிகிச்சைதான்.