மகன் குரல் கேட்டது, செயின் அடகுக்குப் போனது

கேள்வி: எனக்கு 58 வயது. திருநெல்வேலியில் இருக்கிறோம். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் போலீஸ் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒருவர் கூப்பிட்டார். உங்கள் மகன் ஒரு கேஸில் மாட்டியிருக்கிறான் என்றார். பிறகு அவன் குரலிலேயே "அம்மா, காப்பாத்துங்கம்மா" என்று அழுகை. கையில் இருந்த 50,000 ரூபாயை அனுப்பினேன். நாலு பவுன் செயினை அடகு வைத்து இன்னும் 1,40,000 அனுப்பினேன். சாயங்காலம்தான் மகன் ஆபீஸில் சும்மா இருந்தது தெரிந்தது. வெட்கத்தில் மூன்று நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தேன். நகைக்கடனுக்கு வட்டி 12%. பேங்கில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அதை அவசரத்துக்கு என்று தொடவில்லை. ஏஜென்ட் ஒருவர் சைபர் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? ஏற்கெனவே அண்ணன் மகனுக்கு இந்த வருஷம் மூன்று தடவையாக 23,000 கொடுத்திருக்கிறேன், அவனும் வாய்ஸ் மெசேஜில்தான் கேட்பான். இதற்கு மேல் இழக்க முடியாது.

பதில்: முதலில் நகை. 1,40,000 ரூபாய்க்கு 12% என்றால் மாதம் 1,400 ரூபாய் வட்டி போகிறது. டெபாசிட்டில் அதே 1,40,000 ரூபாய்க்கு 7% என்று வைத்தாலும் மாதம் 820 ரூபாய்க்குக் கீழேதான் வரும். அதாவது டெபாசிட்டைக் காப்பாற்ற நீங்கள் மாதம் 580 ரூபாய் கைக்காசு கொடுக்கிறீர்கள், வருஷத்துக்கு ஏழாயிரம். முன்கூட்டியே முறித்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள். இந்தத் தொகைக்கு அது ஓரிரு ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். முறித்து, செயினை மீட்டு, மீதி 60,000 ரூபாயைத் திரும்ப டெபாசிட்டில் போடுங்கள். 'அவசரத்துக்கு' என்று இதற்கு மேல் காத்திருக்க ஒன்றுமில்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நானே என் கையால் பணம் அனுப்பினால் கிளெய்ம் உண்டா, எவ்வளவு வரை?" பதிலை பாலிசி ஆவணத்தில் காட்டச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் போதாது. வேறொருவர் உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பது ஒன்று, நீங்களே பின் போட்டு அனுப்புவது வேறு. பேங்கும் இதை அப்படித்தான் பார்க்கும். புதிதாகச் சந்தைக்கு வரும் எந்தப் பாலிசியையும் பயத்தில் இருக்கும்போது வாங்காதீர்கள், விற்பவர்களுக்கு அதுதான் சீசன்.

சரி, உண்மையான ஓட்டை எங்கே? நீங்கள் ஏமாந்தது அந்த ஒரு நாளில் இல்லை. குரல் கேட்டால் பணம் அனுப்புவது என்ற பழக்கம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மகன் "அத்தை, அவசரம்" என்றான், போட்டீர்கள். திருடனும் அதே கதவைத்தான் தட்டினான்.

இந்த மோசடி நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். குரலை நகலெடுக்க, மகன் எங்கோ போட்ட ஒரு சின்ன வீடியோவின் சில நொடிகள் போதும். ஆனால் பெரும்பாலும் நகல் குரல் பேசுவது ஒன்றிரண்டு வாக்கியம்தான், அதுவும் அழுகையோடு. உடனே 'இன்ஸ்பெக்டர்' போனைப் பிடுங்கிக்கொள்வார். பேரம், மிரட்டல், 'யாரிடமும் சொல்லாதே' எல்லாம் அவர் வேலை. நீங்கள் அடகுக்கடைக்குப் போய் வரும்வரை லைனை வெட்டாமல் வைத்திருந்தார் அல்லவா? நீங்கள் மகனைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அதனால்தான் வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வேலை செய்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2024 டிசம்பரில் மக்களுக்குக் கொடுத்த எச்சரிக்கையிலும் இதையேதான் சொன்னது. குரலை நகலெடுக்கலாம், சாப்பாட்டு மேசையில் பேசிவைத்ததை நகலெடுக்க முடியாது.

வார்த்தையை அடுத்த முறை மகன் ஊருக்கு வரும்போது நேரில் முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, போனில் எழுதியும் வைக்கக் கூடாது. குலதெய்வம், நாய்க்குட்டி பெயர், பிறந்த ஊர், பேரன் பெயர் இதெல்லாம் வேண்டாம், பாதி ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொல் நல்லது. இல்லையென்றால் கேள்வி-பதிலாக வையுங்கள்: நீங்கள் "மத்தியானம் என்ன குழம்பு?" என்று கேட்டால், வீட்டில் ஒருநாளும் வைக்காத ஏதோ ஒன்றை அவன் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு இது மறப்பதில்லை, பேச்சோடு பேச்சாகவும் கேட்டுவிடலாம்.

எங்கள் வீட்டில் முதல் ஒத்திகை படுதோல்வி. என் அம்மாவுக்கு 79 வயது. பேரன் வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்டு "பாட்டி, பணம் வேணும்" என்றான். பாட்டி உடனே, "டேய், அந்த வார்த்தையைச் சொல்லு, அதான் அந்த..." என்று வார்த்தையையே சொல்லிவிட்டார். வீடே சிரித்தது. ஆனால் பயத்தில் இருப்பவர் செய்யும் தப்பு சரியாக இதுதான். அன்றைக்கே புது வார்த்தை வைத்தோம். விதி ஒன்றே ஒன்று: அழைப்பை எடுத்தவர் கேட்பார், கூப்பிட்டவர் சொல்வார். முதல் எழுத்துகூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. போனில் யாராவது "நம்ம வார்த்தை என்னம்மா, மறந்துட்டேன்" என்று கேட்டாலும் சொல்லக் கூடாது.

நிஜமாகவே மகன் விபத்தில் சிக்கி, பதற்றத்தில் வார்த்தை மறந்தால்? அதற்கும் வழி உண்டு. லைனை வெட்டுங்கள். உங்கள் போனில் சேமித்திருக்கும் அவன் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் அறைத்தோழன், ஆபீஸ் நண்பர் என்று இரண்டு நம்பர்கள் கையில் இருக்க வேண்டும், இந்த வாரமே வாங்கி வையுங்கள். அன்று அவன் மீட்டிங்கில் போனை சைலன்டில் போட்டிருந்தாலும் பக்கத்து சீட்காரர் எடுத்திருப்பார். 1,90,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். பத்து நிமிஷம் தாமதமானால் எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் எதுவும் தலைகீழாகிவிடாது. 'உடனே' என்று அவசரப்படுத்துவதே சந்தேகப்பட வேண்டிய அடையாளம்.

இந்த வார்த்தை எல்லாவற்றையும் தடுக்காது. சி.பி.ஐ., கூரியர், சுங்கத்துறை என்று சொல்லி உங்களையே 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்கிறோம் என்பவர்களிடம் இதைக் கேட்க முடியாது. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது, போனை வைத்துவிடுங்கள்.

புகாரில் அந்த மூன்று நாள்தான் உங்களுக்குப் பெரிய நஷ்டம். 1930 எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்க முயல்வார்கள். மணிக்கணக்கில் தாமதமானால் அது திருடன் வாடகைக்குப் பிடித்த நாலைந்து அடுத்தவர் கணக்குகளுக்குப் பிரிந்து, ஏ.டி.எம்.மில் காசாக வெளியேறிவிடும். இருந்தாலும் புகாரை விடாதீர்கள். cybercrime.gov.in தளத்தில் உங்கள் புகார் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ஏதாவது ஒரு கணக்கில் தொகை முடக்கப்பட்டிருந்தால், அதை நீதிமன்றம் வழியாகத் திரும்பக் கேட்கலாம்.

அப்புறம் அண்ணன் மகன். அவனுக்கு வார்த்தையைச் சொல்ல வேண்டாம், வார்த்தை உங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். இனி அவன் வாய்ஸ் மெசேஜுக்குப் பணம் கிடையாது. நேரில் வரட்டும், அல்லது நீங்கள் அவன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு பார்க்கலாம். "என்ன அத்தை, என்னையே நம்பலையா" என்று கோபித்துக்கொள்வான். அப்போது நடந்ததைச் சொல்லுங்கள். அப்படியே அந்த 23,000 எப்போது வரும் என்றும் கேட்டுவிடுங்கள்.